பெரிய அளவுகளில் மட்டும் கெட்டுப்போன துணி

கிண்ணியாவிலிருந்து திரும்பி வந்த பார்சலைப் பிரித்து, குர்தியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலது அக்குளுக்குப் பின்னால், கையும் உடம்பும் சேரும் இடத்தில், ஒரு விரல் நீளத்துக்குத் துணி விலகியிருந்தது. தையல் நூல் அறவில்லை, தையலும் அப்படியே இருந்தது. தையலை ஒட்டிய துணியின் இழைகள்தான் ஒரு பக்கமாக ஒதுங்கி, சல்லடை போலக் கண் விட்டிருந்தன. அந்த ஓடரில் காரணம் என்ற இடத்தில் QUALITY என்று இருந்தது. கீழே ஒரு வரிக் குறிப்பு: "ஒரு நாள்தான் போட்டேன். துணி தரமில்லை."

உவர்மலையில் எங்கள் வீட்டு முன்னறையிலிருந்து பெண்களுக்கான பருத்தி உடுப்புகளை ஒன்லைனில் விற்கிறோம். துணி வாங்குவதும் டிசைனும் அக்காவின் பொறுப்பு. ஓடர், பார்சல், கணக்கு என்னுடையது. தைத்துத் தருவது பாலையூற்றில் இருக்கும் ஒரு அண்ணா. இந்தக் கதை KT-07 என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் ஒரே ஒரு குர்தியைப் பற்றியது. இரண்டு மாதத்தில் அதற்கு வந்த தர முறைப்பாடுகள் 14. அந்தப் பதினான்கைக் கேட்டதும் அக்கா, "இனி அந்தத் துணி வேண்டாம், விலை கூடினாலும் வேறு எடுப்போம்" என்று சொல்லிவிட்டா. நான் இரண்டு நாள் தவணை கேட்டேன்.

முதலில் நான் செய்திருந்த ஒரு பிழையைத் திருத்த வேண்டியிருந்தது. KT-07இல் 287 உருப்படிகள் அனுப்பியிருந்தோம். எங்கள் ஓடர்களில் பெரும்பாலானவை பார்சல் கைக்கு வந்ததும் காசு கொடுக்கும் ஓடர்கள். அப்படிப் போனவற்றில் 47 பார்சல்கள் வாசலிலேயே வேண்டாம் என்று சொல்லப்பட்டுத் திரும்பியிருந்தன. ஆள் வீட்டில் இல்லை, கையில் காசில்லை, ஓடர் போட்டதையே மறந்துவிட்டார், இப்படி ஏதாவது. அவற்றை நான் CHANGED_MIND என்று போட்டு, மற்ற ரிட்டர்ன்களோடு ஒரே நிரலில் சேர்த்து வைத்திருந்தேன். பிரித்தே பார்க்காத பார்சல் உடுப்பைப் பற்றி எதையும் சொல்லாது. போட்டுப் பார்த்தவர்கள் சொன்னதை மட்டும் கேட்க வேண்டுமென்றால் அந்த 47ஐயும் மேலேயும் கீழேயும், அதாவது திரும்பியவற்றின் கணக்கிலிருந்தும் அனுப்பியவற்றின் கணக்கிலிருந்தும், எடுத்துவிட வேண்டும். மிஞ்சியது 240 உருப்படிகள். அதில் உண்மையாகத் திரும்பியவை 38.

அந்த 38இல் SIZE_SMALL 15, QUALITY 14, SIZE_LARGE 3, மனம் மாறியவை 4, படத்தில் இருந்தது போல இல்லை என்றவை 2. இதோடு நிறுத்தினால் அக்கா சொன்னதுதான் சரி என்று படும். பாதிக்குக் கொஞ்சம் குறைவானது அளவுப் பிரச்சினை, மூன்றிலொன்றுக்கு மேல் தரப் பிரச்சினை, ஆகவே அளவு அட்டவணையையும் திருத்து, துணியையும் மாற்று என்பதுதான் முடிவாக வரும்.

ஆனால் அளவு வாரியாகப் பிரித்தபோது வேறு ஒரு படம் வந்தது. எங்களிடம் பெரிய மென்பொருள் எதுவும் இல்லை, ஒரு கணக்குத் தாள்தான். C நிரலில் அளவு, F நிரலில் பார்சலின் நிலை, G நிரலில் காரணம். போட்ட சூத்திரம் இவ்வளவுதான்:

```
=COUNTIFS(C:C,"XL",F:F,"DELIVERED",G:G,"QUALITY")
 /COUNTIFS(C:C,"XL",F:F,"DELIVERED")
```

திரும்பி வந்தாலும் F நிரலில் DELIVERED என்பதை நான் மாற்றுவதில்லை. கைக்குப் போய்ச் சேர்ந்தது உண்மைதானே. மாற்றினால் கீழே வகுக்கும் எண் குறைந்து, விகிதம் பொய்யாகக் கூடிவிடும்.

M அளவில் 70 கொடுத்திருந்தோம், தர முறைப்பாடு 1. L அளவில் 80க்கு 2. XL அளவில் 60க்கு 6. XXL அளவில் 30க்கு 5. சதவீதமாகப் பார்த்தால் M அளவில் ஒன்றரைக்கும் குறைவு, L இரண்டரை, XL பத்து, XXL ஏறத்தாழ பதினேழு. எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் XLதான் மோசம், XXL பரவாயில்லை என்று நினைத்திருப்பேன். XXL குறைவாக விற்கிறது என்பதால் அதன் முறைப்பாடும் குறைவாகத் தெரிகிறது. விகிதம் போட்டதும்தான் அளவு கூடக் கூடத் தரம் குறைவது தெரிந்தது.

நான்கு அளவும் ஒரே துணி. ஒவ்வொரு நிறத்திலும் நான்கு அளவையும் ஒரே உருளையிலிருந்து விரித்து, ஒரே நாளில் வெட்டினோம். துணி உக்கலாக இருந்தால் M அளவு போட்ட பெண்ணுக்கும் அது உக்கல்தான். சாயம் போவதும், நூல் பிரிவதும், துணி முரடாக இருப்பதும் போடுகிறவரின் அளவைப் பார்த்து வருவதில்லை. தர முறைப்பாடு அளவோடு சேர்ந்து ஏறுகிறது என்றால், தரம் என்ற பெயரில் வேறு ஏதோ ஒன்று வருகிறது என்று அர்த்தம். இந்த ஒரு விஷயத்தை எனக்கு யாராவது முதலிலேயே சொல்லித் தந்திருந்தால் எத்தனையோ மீற்றர் துணிக் காசு மிஞ்சியிருக்கும்.

நல்லவேளையாகத் திரும்பி வந்த உடுப்புகளை நான் இன்னும் அலுமாரிக்குள் வைத்திருந்தேன். XL, XXL இரண்டிலும் தரம் என்று வந்த பதினொன்றையும் மேசையில் பரப்பினேன். எட்டில் அதே இடம், அக்குளுக்குப் பின்னால், இழை விலகல். சிலவற்றில் வலது பக்கம் மட்டும், சிலவற்றில் இரண்டு பக்கமும். மிச்சம் மூன்றில் எவ்வளவு தேடியும் ஒரு குறையும் இல்லை. அந்த மூன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கிண்ணியா அக்காவுக்குப் போன் எடுத்தேன். முறைப்பாட்டைப் பற்றி வாதாட இல்லை, என்ன நடந்தது என்று கேட்கத்தான். அவ ஒரு ஆசிரியை.

"நெஞ்சு, இடுப்பு எல்லாம் அளவாத்தான் இருந்திச்சு தங்கச்சி. போர்ட்ல எழுதக் கையைத் தூக்கினாத்தான் இழுத்திச்சு. ரெண்டாவது பாடத்திலேயே பிரிஞ்சு போச்சு."

"அப்ப ஏன் அக்கா சின்னது என்று போடாமல் தரம் என்று போட்டீங்க?"

"XXL எனக்குச் சரியான அளவுதானே. சரியான அளவு உடுப்பு பிரிஞ்சா அது துணியிட பிழைதானே தங்கச்சி?"

அவ சொன்னதில் பிழையே இல்லை. அளவு என்றால் நாங்கள் எல்லோரும் நெஞ்சளவைத்தான் நினைக்கிறோம். எங்கள் அட்டவணையே நெஞ்சு, இடுப்பு, நீளம் என்ற மூன்றைத்தான் கேட்கிறது. அந்த மூன்றும் பொருந்தியபின் உடுப்பு பிரிந்தால், போட்டவருக்கு மிஞ்சும் ஒரே சொல் தரம்தான். காரணக் குறியீடு என்பது வாடிக்கையாளர் எதைக் குற்றம் சாட்டுகிறார் என்பதைத்தான் பதிவு செய்கிறது. எதனால் நடந்தது என்பதை உடுப்பைப் பிரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த நாள் அளவு நாடாவோடு பாலையூற்றுக்குப் போனேன். நான்கு அளவிலும் ஒவ்வொன்றை மேசையில் விரித்து, அக்குளுக்கு ஒரு அங்குலம் கீழே, கையின் ஓரத்துக்குச் செங்குத்தாக நாடாவை வைத்து அகலம் எடுத்தோம். இரட்டித்தால் கையின் சுற்றளவு. M அளவில் நெஞ்சு 40 அங்குலம், கைச் சுற்று 13. L அளவில் 42, பதின்மூன்றேகால். XL 44, பதின்மூன்றரை. XXL 46, பதின்மூன்றேமுக்கால். நெஞ்சு ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு அங்குலம் ஏற, கை கால் அங்குலம்தான் ஏறியிருந்தது.

அண்ணா மறைக்கவில்லை. "M பெட்டர்னை வைச்சுத்தான் மற்றதைக் கூட்டினனான். நெஞ்சில கூட்டினன், நீளத்தில கூட்டினன். கையைப் பெருசாக்கினா கைக்குழியையும் பெருசாக்கோணும், பிறகு ரெண்டும் பொருந்த வேணும். அது மினைக்கெட்ட வேலை. அதால கொஞ்சமாத்தான் கூட்டினனான்."

உண்மையில் அது மினைக்கெட்ட வேலைதான். கையின் மேல் வளைவின் நீளமும் உடம்பிலுள்ள கைக்குழியின் நீளமும் ஒன்றுக்கொன்று கணக்காக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் தைக்கும்போது சுருக்கு விழும், அல்லது இழுக்கும். ஆனால் புயம் பருத்த ஒருவர் பதின்மூன்றேமுக்கால் அங்குலக் கைக்குள் கையை விட்டுவிட்டு மேலே தூக்கினால், இழுவை முழுவதும் முதுகுப் பக்கத் தையலில்தான் போய் விழும். எங்கள் துணி கொஞ்சம் ஐதான நெசவு, வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று அக்கா தேடி எடுத்தது. அப்படியான துணியில் தையலுக்குக் குறுக்காக இழுவை விழுந்தால் நூல் அறுவதற்கு முன்னரே இழைகள் வழுக்கி விலகிவிடும். ஆக, துணிக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. இறுக்கமான நெசவாக இருந்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும். ஆனால் அந்த அக்கா அப்போதும் கையைத் தூக்க முடியாமல்தான் கரும்பலகைக்கு முன்னால் நின்றிருப்பா. முறைப்பாடு QUALITY என்பதிலிருந்து SIZE_SMALL என்று பெயர் மாறி வந்திருக்கும், அவ்வளவுதான்.

புதிய பெட்டர்னில் M அளவுக்குக் கையைப் பதின்மூன்றரை ஆக்கி, ஒவ்வொரு அளவுக்கும் முக்கால் அங்குலம் ஏற்றினோம். XL 15, XXL பதினைந்தேமுக்கால். கைக்குழியை அதற்கு ஏற்ப இறக்கினார். அட்டவணையிலும் புயச் சுற்றளவு என்று ஒரு வரி சேர்த்தேன். கையைத் தொங்கவிட்டு, புயத்தின் பருத்த இடத்தில் எப்படி அளப்பது என்று ஒரு படமும் போட்டேன்.

இப்போது அந்தக் குறையில்லாத மூன்றுக்கு வருவோம். மூவருக்கும் தனித்தனியாக வட்ஸ்அப்பில் கேட்டேன். ஒருவர் மட்டும்தான் பதில் போட்டார், நேர்மையாக: உடுப்பு இறுக்கம், ஆனால் அளவு என்று போட்டால் கூரியர் காசு தன் தலையில் விழும், தரம் என்று போட்டால் எங்கள் தலையில். எங்கள் விதியை அப்படித்தான் எழுதி வைத்திருந்தோம், குறை எங்களுடையது என்றால் நாங்கள் கட்டுவது, அளவு பொருந்தாவிட்டால் அவர்கள் கட்டுவது என்று. எழுதும்போது நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் எந்தக் காரணத்துக்கு என்ன செலவு என்று விதி சொன்னால், வாடிக்கையாளர் செலவு குறைந்த காரணத்தைத்தான் தெரிவு செய்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அளவு அட்டவணை பிழையாக இருந்தது எங்களால்தானே. இப்போது எந்தக் காரணமானாலும் முதல் முறை கூரியர் செலவில் பாதி எங்களுடையது. அதனால் கொஞ்சம் காசு போகிறது. ஆனால் G நிரலில் வருவதை நம்பலாம்.

கூடவே H என்று ஒரு நிரல் சேர்த்தேன். G நிரலில் வாடிக்கையாளர் சொன்ன காரணம், H நிரலில் பார்சலைப் பிரித்தபின் நான் கண்ட காரணம். Gயை நான் ஒருபோதும் திருத்துவதில்லை. முன்பு திருத்திவிடுவேன், "இது தரம் இல்லை, அளவுதான்" என்று மேலேயே எழுதிவிடுவேன். அப்படி எழுதினால், வாடிக்கையாளர் தரம் என்று நினைக்கிறார் என்ற செய்தி அழிந்துபோகும். இரண்டு நிரலும் எங்கே முரண்படுகின்றன என்பதுதான் எனக்கு இப்போது முதலில் பார்க்கத் தோன்றும் இடம்.

பெரிய தளங்களின் பட்டியல்களும் இந்தச் சிக்கலை முழுக்கத் தீர்ப்பதில்லை. ஷொப்பிஃபையில் SIZE_TOO_SMALL, SIZE_TOO_LARGE, DEFECTIVE, NOT_AS_DESCRIBED, COLOR, STYLE என்று தனித்தனியாக இருக்கின்றன. அமேசனின் ரிட்டர்ன் அறிக்கையில் DEFECTIVE வேறு, QUALITY_UNACCEPTABLE வேறு. உடைந்தது ஒன்று, உடையாவிட்டாலும் தரம் போதாது என்பது இன்னொன்று. அந்தப் பிரிப்பு நல்லது, எங்கள் பட்டியலிலும் அப்படிப் பிரித்துவிட்டேன். ஆனால் இழை விலகிய குர்தியைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் அந்த இரண்டில் எதைத் தொட்டாலும், கையின் சுற்றளவு போதவில்லை என்ற செய்தி அதில் வராது.

SIZE_SMALL பதினைந்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைப் பிரிக்க உதவியது அளவு அல்ல, நாள். பார்சல் கைக்குப் போன நாளுக்கும் முறைப்பாடு வந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று ஒரு நிரல் போட்டேன். ஒன்பது பேர் இரண்டு நாளுக்குள் சொல்லியிருந்தார்கள். போட்டுப் பார்த்தார்கள், இறுக்கம், திருப்பினார்கள். பெரும்பாலும் XL, XXL, அதே கைப் பிரச்சினைதான். மற்ற ஆறு பேர் ஐந்து நாளுக்குப் பிறகுதான் சொன்னார்கள். முதல் நாள் பொருந்திய உடுப்பு ஆறாம் நாள் சின்னதாகிறது என்றால், இடையில் அது ஒரு முறை தண்ணீரில் நனைந்திருக்க வேண்டும். அந்த ஆறில் ஐந்து மெரூன் நிறம்.

மெரூன் துணியில் 50 சென்ரிமீற்றர் சதுரம் வெட்டி, ஓரங்களில் நூலால் அடையாளம் தைத்து, வீட்டில் எப்படித் துவைப்போமோ அப்படித் துவைத்துக் காயப் போட்டேன். நீளப்பாட்டில் 47.5 ஆனது. நூற்றுக்கு ஐந்து சுருக்கம். 42 அங்குல நீளக் குர்தியில் அது இரண்டு அங்குலத்துக்கு மேல். அகலப்பாட்டில் ஒரு சென்ரிமீற்றர்தான் குறைந்தது. மற்ற நிறங்களையும் அதே மாதிரிச் சோதித்தேன், அரை சென்ரிமீற்றருக்கு மேல் எதுவும் குறையவில்லை. அக்கா பில்லைத் தேடிப் பார்த்தா. மெரூன் மட்டும் வேறொரு கடையில், வேறு உருளையாக எடுத்தது. மெரூன் வாங்கிய அந்த ஐந்து பேரும் அளவு என்று எழுதியது முழுக்க முழுக்கத் துணியின் குணம். இனி எந்தத் துணி வந்தாலும் வெட்டுவதற்கு முன் அந்தச் சதுரம் துவைக்கப்படும், சுருங்கினால் முழுத் துணியையும் நனைத்துக் காயவைத்துவிட்டுத்தான் வெட்டுவோம். மாரி காலத்தில் காயவைப்பது பெரிய பாடு. அதற்காக இந்த முறை புரட்டாசிக்குள்ளேயே வேலையை முடித்தோம்.

புதிய பெட்டர்னில் தைத்த முதல் தொகுதி போய், மூன்று கிழமை பொறுத்துத்தான் கணக்குப் பார்த்தேன். நேற்று அனுப்பிய பார்சலுக்கு இன்னும் முறைப்பாடு வர நேரம் வரவில்லை. அதையும் சேர்த்து வகுத்தால் எந்தத் திருத்தமும் வெற்றி போலத்தான் தெரியும். XLஉம் XXLஉம் சேர்த்து 52 கொடுத்ததில் 4 திரும்பின. முன்பு 90க்கு 24. நான்கில் ஒன்றிலும் அக்குளில் விலகல் இல்லை. இரண்டு SIZE_LARGE என்று வந்திருக்கின்றன, கை தொளதொளவென்று இருக்கிறதாம். 52 என்பது சிறிய எண், இரண்டு பேரை வைத்துப் பெட்டர்னைத் திரும்ப மாற்ற மாட்டேன். ஆனால் அந்த இரண்டையும் அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

M அளவு என் மனதை இன்னும் விடவில்லை. பழைய தொகுதியில் அங்கே வந்த முறைப்பாடுகளே ஆறுதான். அதில் இரண்டு சின்னது, இரண்டு பெரியது. கூட்டிக் கழித்தால் பூச்சியம், அளவு சரி என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் ஒரே அளவு ஒருவருக்குச் சின்னதும் இன்னொருவருக்குப் பெரியதுமாக இருப்பது, எல்லா M உருப்படிகளும் ஒரே M இல்லை என்பதாலும் இருக்கலாம். கையிருப்பில் இருந்த பத்து M குர்திகளை எடுத்து நெஞ்சை அளந்தேன். முப்பத்தொன்பதேகாலிலிருந்து நாற்பதேமுக்கால் வரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. துணியை அடுக்கடுக்காக விரித்துக் கத்தியால் வெட்டும்போது கத்தி கொஞ்சம் சாய்ந்தால், மேலே இருக்கும் துண்டும் அடியில் இருக்கும் துண்டும் ஒரே அளவில் வராது. சனிக்கிழமை அண்ணா அடுத்த தொகுதியை வெட்டுகிறார். வெட்டியதும் மேலே இருக்கும் ஐந்து துண்டுகளுக்கும் அடியில் இருக்கும் ஐந்து துண்டுகளுக்கும் பென்சிலால் இலக்கம் போடச் சொல்லியிருக்கிறேன். அளவு நாடாவோடு நானும் போகிறேன்.